முனைவர் பட்டம் முடித்த பிள்ளை எங்கே போவது? பல்கலைக்கழகமா, நிறுவனமா?

“இவ்வளவு படிச்சிட்டு ஃபேக்டரிக்கா போற?”

முனைவர் பட்டம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் வழியாகப் பல்கலைக்கழகம் போய், முப்பது வயதைத் தொடும்போது பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளும் தலைமுறை நம்மிடையே உருவாகிவிட்டது. அந்தப் பட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு என்று பெற்றோர் நினைக்கிறார்கள்: பிள்ளை விரிவுரையாளர் ஆகப் போகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அது பெரும்பாலும் சரிதான். இன்று கணக்கு மாறிவிட்டது.

2023ஆம் ஆண்டுக்குள் நாட்டில் 60,000 முனைவர் பட்டதாரிகள் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு அரசாங்கம் மைபிரெயின்15 திட்டத்தைக் கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் சிலரும் அதில் கட்டண உதவி பெற்றார்கள். படிக்கும் இடங்கள் பெருகின, ஆனால் விரிவுரையாளர் பதவிகள் அதே வேகத்தில் பெருகவில்லை. தவிர, அரசுப் பல்கலைக்கழகங்கள் பல பதவிகளை முன்கூட்டியே நிரப்பி வைக்கின்றன. எஸ்எல்ஏபி, எஸ்எல்ஏஐ போன்ற பயிற்சித் திட்டங்களின் கீழ் இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, செலவு கொடுத்து முனைவர் பட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் துறையில் இடம் காத்திருக்கும். சொந்தமாகப் பதிவு செய்து படித்த மாணவர், மீதமுள்ள இடத்துக்குத்தான் போட்டியிட வேண்டும். பட்டம் முடித்த பிறகு இதைக் கேட்டு அதிர்வதைவிட, படிக்கும்போதே துறை அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். ‘ஆய்வு’ என்றால் பல்கலைக்கழகம், ‘நிறுவனம்’ என்றால் வெறும் சம்பளம் என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊதிவிடும் வேலை இருந்தது. அது 1981க்குப் பிறகு மறைந்தது. ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அந்த வண்டுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று கண்டறிந்தவர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் ஆய்வாளர். அந்த ஆய்வுக்குச் செலவு செய்தது யூனிலீவர் நிறுவனம். தோட்டத்தின் அன்றாட வேலையையே மாற்றிய ஆய்வு ஒரு நிறுவனத்தின் பணத்தில் நடந்தது. இன்னொரு பக்கம், பால்மரம் சீவியவர்களுக்கு ‘ஆர்ஆர்ஐஎம் 600’ என்ற மரவகை தெரியும். அது ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வுகளுக்கும் எண்ணெய் மீது விதிக்கப்படும் செஸ் வரியிலிருந்து பணம் போகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஆய்வா வேலையா என்பதல்ல. யார் பணத்தில், எவ்வளவு காலத்துக்கு, யாருடைய கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்பதே.

பட்டம் முடிந்ததும் நடப்பதைப் பார்ப்போம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கட்டத்தில், பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து மாணவருக்கு வந்துகொண்டிருந்த மாத உதவித்தொகை பெரும்பாலும் நின்றுவிடும். வைவா தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு திருத்தங்கள் வேறு. கையில் காசு இல்லாத அந்த நேரத்தில் முதலில் வரும் அழைப்பு பெரும்பாலும் சொந்த மேற்பார்வையாளரிடமிருந்துதான். “ஒரு வருஷம் போஸ்ட்டாக்கா இரு, பிறகு பார்க்கலாம்” என்பார். போஸ்ட்டாக் என்பது பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வுப் பணி. அழைப்பில் அன்பு இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கும் தேவை இருக்கிறது. புதிய மாணவருக்குக் கருவியைத் தொடக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். முடித்தவருக்கோ எல்லாம் தெரியும்.

அந்த வேலை எதில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியமான எஃப்ஆர்ஜிஎஸ் போன்றவை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குத்தான் வரும். மானியம் முடிந்தால் போஸ்ட்டாக் வேலையும் முடியும். பேராசிரியர் நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. இன்னொரு முடிச்சும் உண்டு. விரிவுரையாளர் நேர்காணலில் “எத்தனை மானியம் பெற்றிருக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். மானியத்துக்குத் தலைமை விண்ணப்பதாரராக இருக்கப் பொதுவாகப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவியில் இருக்க வேண்டும். பதவி இல்லாதவருக்கு மானியம் இல்லை, மானியம் இல்லாதவருக்குப் பதவி கடினம். இதை அவிழ்க்க போஸ்ட்டாக்கிடம் இருக்கும் ஒரே கருவி கட்டுரைகள்தான். அவையும் பேராசிரியர் பட்டியலில் ஐந்தாவது பெயராக வந்தால் போதாது. முதல் ஆசிரியராக, ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள நல்ல இதழில் வர வேண்டும்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக அமைத்த குடும்பம்தான், தொகைகளும் உதாரணத்துக்கு வைத்தவை. ஆனால் இதில் வரும் நெருக்கடி பல வீடுகளுக்குப் பழக்கமானது.

மகளுக்கு வயது 31. வேதியியலில் முனைவர் பட்டம். செம்பனைக் கொட்டை எண்ணெயிலிருந்து சோப்பு, அழகுப் பொருள்களுக்கான நுரைப்பொருள் தயாரிப்பதைப் பற்றிய ஆய்வு. அப்பாவுக்கு 58 வயது, கீழ்ப் பேராக்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை. 60 வயதில் ஓய்வு. ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குடும்பத்துக்குச் சொந்த வீடு இல்லை. மகளுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, மேற்பார்வையாளரின் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக்: மாதம் 4,500 ரிங்கிட், ஓராண்டு, மானியம் இருந்தால் இன்னும் ஓராண்டு. மற்றொன்று, பாசிர் கூடாங்கில் ஓர் ஒலியோகெமிக்கல் ஆலையில் ஆய்வு மேம்பாட்டு வேதியியலாளர்: மாதம் 6,000 ரிங்கிட், ஆறு மாதச் சோதனைக் காலம்.

மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் 1,500 ரிங்கிட். ஆனால் போஸ்ட்டாக் கடிதத்தில் ‘காஜி’ என்று இல்லாமல் ‘எலாவுன்’ என்று இருக்கிறது, ஊழியர் சேம நிதி பற்றி ஒரு வரியும் இல்லை. ஆலையில் 6,000 ரிங்கிட்டிலிருந்து 11 விழுக்காடு, அதாவது 660 ரிங்கிட், மகள் பங்காகச் சேம நிதிக்குப் போகும். முதலாளி 12 விழுக்காடு, 720 ரிங்கிட் போடுவார். சொக்சோ, வருமான வரி போன்ற பிடித்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கைக்கு வருவது 5,340 ரிங்கிட். போஸ்ட்டாக் பணத்தைவிட 840 ரிங்கிட்தான் அதிகம். ஜொகூரில் வீட்டு வாடகையும் பேராக் போய்வரும் செலவும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே “கையில ஒண்ணும் பெரிசா வித்தியாசம் இல்லையே” என்று மகள் சொன்னால் அது உண்மைதான்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சேம நிதியில் மாதம் 1,380 ரிங்கிட் சேர்கிறது. இரண்டு ஆண்டில் அது 33,120 ரிங்கிட். ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டால், 33 வயதில் இருக்கும் அந்தத் தொகை 55 வயதில் ஏறக்குறைய 96,900 ரிங்கிட்டாக நிற்கும். படிப்புக்காகப் பத்து ஆண்டுகள் சேம நிதி இல்லாமல் இருந்தவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

அதைவிட அவசரமானது வீடு. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி கேட்பது சம்பளச் சீட்டும் சேம நிதி அறிக்கையும். ஓராண்டு ஒப்பந்தம், சேம நிதி இல்லாத உதவித்தொகை என்றால், ‘டாக்டர்’ பட்டம் இருந்தாலும் வங்கி அதிகாரி தயங்குவார். ஆலை வேலையிலும் உடனே கிடைத்துவிடாது. சோதனைக் காலம் முடிந்து வேலை உறுதியான பின் வாருங்கள் என்று சொல்லும் வங்கிகள் உண்டு. ஆறு மாதம் சோதனைக் காலம், அதற்கு மேல் கடன் விண்ணப்பம், வீடு தேடுதல் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். அப்பாவுக்கு இருப்பது இரண்டு ஆண்டுகள். இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை, போஸ்ட்டாக்கை முடித்துவிட்டு ஆலைக்குப் போகலாம் என்ற திட்டத்துக்கு இடமில்லை. வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கு அதே போஸ்ட்டாக் நல்ல வாய்ப்பாக இருக்கலாம். அவருக்கு ஓராண்டு காத்திருப்பு ஓராண்டு மட்டுமே. இவருக்கு அது குடும்பம் எங்கே தங்குவது என்ற கேள்வி. ஆலோசனை சொல்லும் பேராசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. மாணவர்களும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை.

சரி, ஆலைக்குப் போனால் ஐந்தாண்டு கற்ற ஆய்வு வீணா? அது அந்த வேலை உண்மையிலேயே ஆய்வு வேலையா என்பதைப் பொறுத்தது. பாசிர் கூடாங், பிறை போன்ற இடங்களில் உள்ள ஒலியோகெமிக்கல் ஆலைகளில் வேதியியலாளருக்கு வரும் கேள்வி இப்படி இருக்கும்: ஒரு வாடிக்கையாளருக்கு நிறமும் வாடையும் குறைந்த பொருள் வேண்டும், மூன்று மாதத்தில் மாதிரி அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவையில் செய்து பார்த்தால் வெள்ளையாக வரும். அதே செய்முறையைச் சில நூறு லிட்டர் கொள்ளும் சோதனைக் கலனில் செய்தால் மஞ்சளாகிவிடும். சிறு குடுவை சில நிமிடங்களில் சூடாகும், ஆறும். பெரிய கலன் சூடாகவும் ஆறவும் மணிக்கணக்காகும். எண்ணெய் அத்தனை நேரம் வெப்பத்தில் கிடந்தால் நிறம் கறுக்கும். உள்ளே காற்று புகுந்தால் இன்னும் மோசம். எங்கே எவ்வளவு நேரம் குறைக்கலாம், எப்போது நைட்ரஜன் விட வேண்டும் என்று கண்டுபிடிப்பது ஆய்வுதான். இதழில் கட்டுரையாக வராது, அவ்வளவே.

ஆனால் ‘ஆர் அண்ட் டி’ என்று பெயர் போட்டுவிட்டு, தினமும் வரும் மாதிரிகளைச் சோதித்துப் படிவம் நிரப்பும் தரக் கட்டுப்பாட்டு வேலையைக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அந்த வேலைக்கு டிப்ளோமா போதும். முனைவர் பட்டம் பெற்றவர் அங்கே இரண்டு ஆண்டு இருந்தால் கைப்பழக்கமும் போகும், மனமும் சோரும். நேர்காணலிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். சோதனைக் கலன் இருக்கிறதா, அதை நேரில் காட்டுவார்களா என்று கேளுங்கள். கடந்த ஆண்டு இந்தக் குழு தொடங்கிய ஒரு வேலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். விடை தெளிவாக வந்தால் ஆய்வு நடக்கிறது. “எல்லாம் தலைமையகத்தில் முடிவாகும்” என்று மழுப்பினால், ஆய்வு வேறு நாட்டில் நடக்கிறது, இங்கே சோதனை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இருக்கையில் முன்பு இருந்தவர் எங்கே போனார் என்பதும் நல்ல கேள்வி.

பினாங்கிலும் கூலிமிலும் உள்ள மின்னணுத் துறையிலும் இதே வேறுபாடு உண்டு. இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்தபோது அது பொருத்தும் வேலைக்கான தொழிற்சாலை. இன்று அந்த வட்டாரத்தில் வடிவமைப்பு, சோதனைப் பொறியியல் வேலைகளும் இருக்கின்றன. வேலையின் பெயரைவிட, அந்த மேசையில் என்ன முடிவு எடுக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த பயம், திரும்பி வரும் கதவு. நிறுவனத்துக்குப் போனவர் ஐந்தாண்டு கழித்துப் பல்கலைக்கழகம் திரும்ப முடியுமா? ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் கடினம். அங்கே விண்ணப்பத்தை எடைபோடும்போது அண்மை ஆண்டுகளின் கட்டுரைகளைப் பார்ப்பார்கள், அந்த இடம் காலியாக இருக்கும். ஆனால் மலாக்காவில் உள்ள யூதெம், பெர்லிஸில் உள்ள யூனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் தொழிற்சாலை அனுபவத்துக்கு மதிப்புத் தருகின்றன. பொறியியல் துறையினருக்கு அந்தக் கதவு அகலம், தூய அறிவியல் துறையினருக்குக் குறுகல். எதிர்த் திசையிலும் கதவு மெல்ல மூடுகிறது என்பதை நாம் பேசுவதில்லை. ஒரே ஆய்வுக்கூடத்தில் நான்கைந்து ஆண்டு போஸ்ட்டாக்காக இருந்து 36 வயதில் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், புதியவருக்கான சம்பளத்தைக் கொடுக்கவும் தயங்குவார்கள், அனுபவசாலிக்கான பதவியைக் கொடுக்கவும் தயங்குவார்கள்.

அதனால் நம் உதாரணத்து மகள் ஆலைக்குப் போவதுதான் சரி என்பது என் கணிப்பு. ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. ஆய்வேட்டிலிருந்து வர வேண்டிய இரண்டு கட்டுரைகளை, முதல் ஆசிரியராகத் தன் பெயரோடு, வேலையில் சேருமுன் அனுப்பிவிட வேண்டும். அதற்காக வேலை தொடங்கும் நாளை ஆறு வாரம் தள்ளிக் கேட்கலாம், பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. சேர்ந்த பிறகு அனுப்பலாம் என்று விட்டால் அது நடக்காது. ஆய்வில் காப்புரிமைக்கு உரிய பொருள் இருந்தால், கட்டுரை வெளிவருமுன் பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவிடம் பேச வேண்டும். நம் நாட்டுச் சட்டம், தானே வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அத்தகைய பொது அவகாசம் கிடையாது.

வேலை ஒப்பந்தத்தில் இரண்டு வகை நிபந்தனை வரும். நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது செல்லும், அதை மதிக்கத்தான் வேண்டும். வேலையை விட்ட பிறகு இத்தனை ஆண்டுகள் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு பொதுவாகச் செல்லாததாக்குகிறது. இதைப் பார்த்துப் பயந்து நல்ல வேலையை விடுபவர்கள் இருக்கிறார்கள். கல்வி உதவிநிதி வாங்கியவர்கள் மட்டும் அதன் ஒப்பந்தத்தைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். எங்கே, எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தால் அது வேறு கணக்கு.

சிங்கப்பூர் பற்றியும் ஒரு சொல். என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் சம்பளத்தை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதுவும் ஒப்பந்த வேலைதான், வேலை அனுமதி அதோடு கட்டப்பட்டிருக்கும். மலேசியர் தானாகச் செலுத்தினாலொழிய சேம நிதியில் ஒன்றும் சேராது. போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு போகட்டும்.

போஸ்ட்டாக் எப்போது சரி? வேறொரு ஆய்வுக்கூடத்தில், புதிய கருவியோ புதிய முறையோ கற்கும் இடமாக இருந்து, இரண்டு ஆண்டும் எழுத்தில் உறுதியாகி, துறையில் ஒருவர் ஓய்வு பெறப்போகும் இடமும் கண்ணுக்குத் தெரிந்தால் போகலாம். சொந்த மேற்பார்வையாளரிடமே, ஓராண்டுக்கு, வாய்மொழி உறுதியோடு என்றால் அது வைவா முடியும் வரை சமாளிக்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இந்த விசாரணைகளுக்கு ஏற்ற நேரம் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பு, உதவித்தொகை இன்னும் வந்துகொண்டிருக்கும்போது. அப்போதே நிறுவனங்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு சுயவிவரம் தயாராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய எட்டுப் பக்கப் பட்டியலை அப்படியே அனுப்பினால் மனிதவளப் பிரிவில் யாரும் படிக்கமாட்டார்கள். முதல் பக்கத்தில், எந்தக் கருவியைத் தனியாக இயக்கிப் பழுது பார்க்கத் தெரியும் என்று எழுதுங்கள். ஆய்வேட்டின் தலைப்பு இரண்டாம் பக்கத்தில் வந்தால் போதும்.